இலக்கம் கைவிட்டுப் போனால் பழைய போனை அழிக்காதீர்கள்

பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், ஊரில் பாவித்த சிம்மை மாதக்கணக்கில் ரீலோட் செய்யாமல் விடுவது சாதாரணம். தொடர்ந்து பாவிக்கப்படாத இணைப்பு துண்டிக்கப்படும். சிலகாலம் கழித்து அதே இலக்கம் வேறொருவருக்கு விற்கப்படும். ஜீமெயில், வட்ஸ்அப், வங்கிக் கணக்கு எல்லாம் அந்த இலக்கத்துக்கே ஓடிபி அனுப்பிக்கொண்டிருக்க, சொந்தக்காரர் வெளியே நிற்கிறார். இந்த இக்கட்டில் பெரும்பாலானோர் சிம்மைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் கணக்கை மீட்டுத் தரக்கூடியது, அந்தக் கணக்கு இன்னும் திறந்தபடி இருக்கும் பழைய போன்தான். அதை ஃபார்மட் செய்து தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடுவதுதான் பெரிய இழப்பு.

சிம்மையே திரும்ப எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இலக்கம் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் அதுதான் நேர்வழி. தேசிய அடையாள அட்டையுடன் கம்பனியின் சேவை நிலையத்துக்குப் போய், அதே இலக்கத்துக்கு மாற்று சிம் கேட்கலாம். ஆனால் தோட்டங்களில் அடையாள அட்டை இல்லாத காலத்தில் மாமா பெயரிலோ பக்கத்து லயன்காரர் பெயரிலோ எடுத்த சிம்கள் உண்டு. அப்படியானால் பதிவில் இருப்பவரே நேரில் வர வேண்டும். இலக்கம் ஏற்கெனவே வேறொருவருக்குப் போயிருந்தால் அந்தக் கதவு மூடிவிட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், புதிய வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தயாராக இருந்த 259 இலக்கங்களைப் பரிசோதித்தபோது, 171 இலக்கங்கள் பழைய உரிமையாளர்களின் இணையக் கணக்குகளோடு இன்னும் இணைந்திருந்தன. இங்குள்ள அளவு எதுவானாலும் காரணம் ஒன்றே: கம்பனி இலக்கத்தை மாற்றிக் கொடுக்கும்போது, அதை நம்பியிருக்கும் கணக்குகளுக்கு யாரும் தகவல் சொல்வதில்லை.

பசறைத் தோட்டம் ஒன்றிலிருந்து கட்டாருக்குப் போய், இரண்டு வருடத்தில் திரும்பிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய இலக்கம் போய்விட்டது. ஆனால் பழைய போனில் வட்ஸ்அப்பும் ஜீமெயிலும் திறந்தபடி இருக்கின்றன. வட்ஸ்அப்பில் Settings, Account, Change number என்று போனால், ஓடிபி புதிய இலக்கத்துக்குத்தான் வரும். பழைய சிம் தேவையில்லை. அரட்டைகளும் குழுக்களும் அப்படியே தொடரும். இதை அவர் உடனே செய்ய வேண்டும். பழைய இலக்கத்தை வாங்கியவர் தன் போனில் வட்ஸ்அப்பைப் பதிவு செய்தால் இவருடைய போனில் கணக்கு மூடிக்கொள்ளும். இவர் இரண்டாம்படிப் பின் இலக்கம் வைத்திருந்தால் வாங்கியவருக்குக் கொஞ்ச நாள் தடை விழும், அவ்வளவே. வெளியேறிய பிறகு, அந்த இலக்கம் கையில் இல்லாமல் வட்ஸ்அப் கணக்கைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். ஏனென்றால் அங்கே இலக்கம்தான் கணக்கு.

ஜீமெயில் அப்படியல்ல. கூகுள் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறது: வழக்கமான போன், வழக்கமான இடம், நினைவிலிருக்கும் பழைய கடவுச்சொல், மீட்பு மின்னஞ்சல். ஆகவே கடவுச்சொல் மறந்தோ கணக்கிலிருந்து வெளியேறியோ இருந்தால், g.co/recover பக்கத்தை அந்தப் பழைய போனிலேயே, வழக்கமாக இணையம் பாவித்த வீட்டிலிருந்தே திறப்பது நல்லது. பழைய இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கேட்டால் "Try another way" என்பதைத் தட்டி வேறு வழி கேட்கலாம். பதில் வர சில மணிநேரமோ சில நாட்களோ ஆகலாம். பொறுமையிழந்து திரும்பத் திரும்ப முயல்வதால் அது விரைவுபடாது. கணக்கு திறந்ததும் மீட்பு இலக்கத்தை மாற்ற வேண்டும். மாற்றிய பின்னும் ஏழு நாட்கள் வரை கூகுள் பழைய இலக்கத்துக்குக் குறியீடு அனுப்ப முன்வரக்கூடும். கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவது நல்லது.

டவுனில் உள்ள கொமியூனிகேஷனில் கொடுத்தால் அவர்களே செய்து தருவார்களே என்பது அடுத்த கேள்வி. முன்பின் காணாத கணினியிலிருந்து வரும் கோரிக்கையை கூகுள் எளிதில் நம்பாது. வீட்டில் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பு அங்கே வீணாகும். இலக்கம் கேட்கும் இடத்தில் கடைக்காரரின் இலக்கம் பதிவாகிவிட்டால், கணக்கின் சாவி அவரிடம் போய்விடும். அடையாள அட்டைப் பிரதியைப் பார்த்து கூகுளே கணக்கைத் திறந்து தரலாமே என்றும் சிலர் வாதிடுகிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் நம் அடையாள அட்டைப் பிரதிகள் எத்தனை அலுவலகங்களில், எத்தனை கடைகளில் கிடக்கின்றன? பிரதி மட்டும் போதுமென்றால் அவற்றை வைத்திருக்கும் எவரும் நம் கணக்கைத் திறந்துவிடலாம். வங்கி கேட்பது அதனால்தான் வேறு: மூல அடையாள அட்டையுடனும் பாஸ்புக்குடனும் ஆள் கிளைக்கு நேரில் போய், இலக்க மாற்றப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். தோட்டத்திலிருந்து பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய்வர ஒரு நாள் சம்பளம் போகும் என்பது உண்மை. அந்தப் பயணத்தை, பழைய இலக்கம் இன்னும் உயிரோடிருக்கும்போதே, வெளிநாடு புறப்படுவதற்கு முன் செய்துவிட்டால், அந்த இலக்கத்தை அடுத்து வாங்குபவருக்கு உங்கள் வங்கியின் ஓடிபி போகாது.