மதிப்பு 200, விலை 220

அமெரிக்காவின் நாஸ்டாக் 100 குறியீட்டில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியா என்று பெரிய பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் குறியீட்டைப் பின்தொடரும் மோதிலால் ஓஸ்வால் ஈடிஎஃப் ஒன்று MON100 என்ற பெயரில் இந்தியப் பங்குச் சந்தையில் கைமாறுகிறது. டீமேட் கணக்கு இருந்தால் போதும், மதுரையில் உட்கார்ந்தபடி வாங்கலாம். ஆனால் அண்மை ஆண்டுகளில் இதை வாங்கிய பலர், உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்புக்கு மேல் கணிசமாகக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். சில நாட்களில் அந்தக் கூடுதல் பத்து சதவீதத்தையும் தாண்டியது.

ஈடிஎஃப் என்பது சந்தையில் பங்கு போல விற்கப்படும் மியூச்சுவல் ஃபண்ட். அதற்கு இரண்டு எண்கள் உண்டு. ஃபண்ட் வைத்திருக்கும் எல்லாவற்றையும் அன்றைய விலைக்குக் கணக்கிட்டு, செலவைக் கழித்து, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது நிகர சொத்து மதிப்பு. பேச்சு வழக்கில் என்ஏவி. சந்தையில் ஒருவர் விற்க, இன்னொருவர் வாங்க, இருவரும் ஒத்துக்கொள்ளும் தொகை விலை. விலை மேலே இருந்தால் பிரீமியம், கீழே இருந்தால் டிஸ்கவுன்ட். சாதாரண மியூச்சுவல் ஃபண்டில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே வாங்குவதும் விற்பதும் நேரடியாக ஃபண்ட் நிறுவனத்திடம், என்ஏவி கணக்கில்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது மார்க்கெட் மேக்கர்கள் எனப்படும் தரகு நிறுவனங்கள். ஒவ்வொரு ஈடிஎஃப்புக்கும் குறைந்தது இரண்டு பேரை நியமிக்க வேண்டும் என்பது செபியின் விதி. நிஃப்டி ஈடிஎஃப் ஒன்றின் மதிப்பு 250 ரூபாயாக இருக்க, சந்தையில் அது 252க்குப் போகிறது என்றால், மார்க்கெட் மேக்கர் ஐம்பது நிறுவனப் பங்குகளையும் உரிய விகிதத்தில் வாங்கி ஃபண்டிடம் கொடுத்து, பதிலுக்குப் புது யூனிட்டுகளை மொத்தமாக வாங்கி, சந்தையில் விற்றுவிடுவார். வித்தியாசம் அவருடைய லாபம். அவர் விற்க விற்க விலை இறங்கும். விலை மதிப்புக்குக் கீழே போனால் இதே வேலை தலைகீழாக நடக்கும்: யூனிட்டை மலிவாக வாங்கி, ஃபண்டிடம் திருப்பிக் கொடுத்து, பங்குகளாகவோ பணமாகவோ எடுத்துக்கொள்வார்.

இதில் யாருக்கும் தர்ம சிந்தனை கிடையாது. லாபம் கிடைக்கும் வரைதான் இந்தக் காவல் நடக்கும். புது யூனிட் உருவாக்க வழி இருக்கும் வரைதான் பிரீமியம் கரையும்.

MON100 விஷயத்தில் அடைபட்டது அந்த வழிதான். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் போடக்கூடிய பணத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு 700 கோடி டாலர். 2022 தொடக்கத்தில் அந்த வரம்பு நெருங்கிவிட்டதால், வெளிநாட்டுப் பங்குகளில் புதுப் பணம் போடுவதை நிறுத்தும்படி ஃபண்டுகளுக்குச் சொல்லப்பட்டது. பிறகு ஓரளவு தளர்த்தினார்கள். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் 2022 பிப்ரவரி 1 அன்று இருந்த அளவைத் தாண்டக் கூடாது. ஃபண்டால் அமெரிக்கப் பங்குகளை வாங்க முடியாதபோது புது யூனிட் பிறக்காது. இருக்கும் யூனிட்டுகளையே எல்லோரும் போட்டி போட்டு வாங்க வேண்டும். அமெரிக்கச் சந்தை சூடுபிடிக்கும்போதெல்லாம் பிரீமியமும் ஏறியது.

அப்படி வாங்கியவருக்கு என்ன ஆகும்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மதிப்பு 200 ரூபாய், விலை 220 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் பத்து சதவீதம். ஓராண்டில் குறியீடும் டாலரும் சேர்ந்து மதிப்பை எட்டு சதவீதம் உயர்த்துகின்றன; அது 216 ஆகிறது. இதற்கிடையே வரம்பு தளர்ந்து பிரீமியம் இரண்டு சதவீதமாகச் சுருங்கினால், விலை ஏறத்தாழ 220 ரூபாய் 30 காசு. ஃபண்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, ஆனால் வாங்கியவர் கையில் மிஞ்சியது முப்பது காசு. பிரீமியம் அப்படியே நீடித்திருந்தால் அவருக்கும் எட்டு சதவீதம் கிடைத்திருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அப்போது அவர் பந்தயம் கட்டியது நாஸ்டாக் மேல் மட்டுமல்ல, ரிசர்வ் வங்கியின் அடுத்த சுற்றறிக்கை மேலும்.

உள்நாட்டு ஈடிஎஃப்களில் இப்படித் தடை எதுவும் இல்லை. ஆனாலும் அவற்றில் பலவற்றில் விலை நழுவுகிறது; காரணம், வாங்க விற்க ஆளில்லாமை. பெரிய நிஃப்டி ஈடிஎஃப்களில் நாள் முழுக்கக் கூட்டம். ஏதோ ஒரு துறைக்கோ புதுமையான குறியீட்டுக்கோ தொடங்கப்பட்ட ஈடிஎஃப்பில் காலையில் பத்துப் பேர், மாலையில் ஐந்து பேர். அங்கே போய் மார்க்கெட் ஆர்டர் போடுவதுதான் ஆபத்து.

மதிப்பு 100 ரூபாய் உள்ள ஒரு ஈடிஎஃப்பில் விற்பனைக்கு நிற்பவை இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம்: 100.40 ரூபாய்க்கு 60 யூனிட், 102 ரூபாய்க்கு 100, 105 ரூபாய்க்கு 300. ஒருவர் 400 யூனிட்டுக்கு மார்க்கெட் ஆர்டர் போடுகிறார். முதல் 60 போனதும் அடுத்த 100, மீதி 240 யூனிட் 105 ரூபாய்க்கு. மொத்தம் 41,424 ரூபாய்; சராசரி 103.56. திரையில் அவர் பார்த்தது 100.40. நாற்பதாயிரம் ரூபாய் மதிப்புள்ள பொருளுக்கு ஆயிரத்து நானூறுக்கு மேல் அதிகம் கொடுத்தாயிற்று. 100.50க்கு லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருந்தால், மார்க்கெட் மேக்கர் வந்து கொடுக்க வாய்ப்பு உண்டு. வராவிட்டால் ஆர்டர் முழுதாக நிறைவேறாது, அவ்வளவுதான்.

மார்க்கெட் மேக்கர் இருந்தும் ஏன் இப்படி? அடியில் இருக்கும் பங்குகளோ பத்திரங்களோ லேசில் கிடைக்காதவையாக இருந்தால், அவற்றைத் திரட்டும் செலவையும் ரிஸ்க்கையும் சேர்த்துத்தான் அவர் விலை சொல்வார். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இடைவெளி அகலும். 2025 அக்டோபரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது இதன் பெரிய வடிவத்தைப் பார்த்தோம். புது யூனிட்டுக்குத் தேவையான வெள்ளிக்கட்டியே சுலபமாகக் கிடைக்காததால் இந்திய வெள்ளி ஈடிஎஃப்கள் மதிப்பைவிட வெகுவாக மேலே போயின. கோடக் உள்ளிட்ட சில நிறுவனங்கள், வெள்ளி ஈடிஎஃப்பில் பணம் போடும் தங்கள் ஃபண்டுகளில் மொத்த முதலீடு வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தின.

திரையில் தெரியும் வித்தியாசம் எல்லாமே உண்மையானதும் அல்ல. கடைசி வர்த்தகம் காலை பதினொரு மணிக்கு நடந்து, அதற்குப் பின் சந்தை ஒரு சதவீதம் ஏறியிருந்தால், அந்த ஈடிஎஃப் ஒரு சதவீத டிஸ்கவுன்டில் இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்த விலைக்கு விற்க ஒருவரும் நிற்க மாட்டார். வெளிநாட்டு ஈடிஎஃப்களில் இன்னொரு குழப்பம்: இந்தியாவில் வர்த்தகம் நடக்கும் நேரத்தில் அமெரிக்கா தூங்குகிறது. நேற்றிரவு முடிந்த விலையை வைத்துப் போட்ட மதிப்புக்கும், இன்றிரவு எப்படி இருக்கும் என்று சந்தை ஊகிப்பதற்கும் சில நாட்களில் ஒரு சதவீத இடைவெளி நியாயமாகவே இருக்கும்.

ஆகவே ஒப்பிட வேண்டியது நேற்றைய என்ஏவியோடு அல்ல. பங்கு ஈடிஎஃப்களுக்கு வர்த்தக நேரத்தில் சில வினாடிக்கு ஒருமுறை மாறும் உத்தேச மதிப்பு ஒன்றை ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் காட்டுகின்றன. iNAV என்று அங்கே இருக்கும். அதையும், அந்த நிமிடம் திரையில் நிற்கும் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அதே வித்தியாசம் சில வாரங்களாக நீடிக்கிறதா என்று பார்த்தால், ஆளில்லாமையா, வழி அடைபட்டதா என்பது பிடிபடும். முதலாவது வந்து வந்து போகும். இரண்டாவது மாதக்கணக்கில் குடியிருக்கும்.

விற்பவருக்கு செபி ஒரு பின்வாசல் வைத்திருக்கிறது. வழக்கமாக 25 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் ஃபண்ட் நிறுவனத்திடமே நேரடியாக யூனிட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் முடிவு விலை தொடர்ந்து ஏழு வர்த்தக நாட்கள் என்ஏவியைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தாலோ, மூன்று நாட்கள் தொடர்ந்து விலையே கேட்பாரில்லாமல் போனாலோ, சிறு முதலீட்டாளரும் நிறுவனத்தின் கதவைத் தட்டி என்ஏவி கணக்கில் பணம் கேட்கலாம். பிரீமியத்தில் வாங்க நிற்பவருக்கு இதுபோல ஒரு விதியும் எழுதப்படவில்லை.