கட்டடத்தில் சேரும் வட்டி

கட்டடம் கட்டும்போது செங்கல், சிமெண்ட், கம்பி, கூலி எல்லாம் அதன் அடக்க விலையில் சேர்கின்றன. கடன் வாங்கிக் கட்டினால், கட்டி முடியும் வரை ஓடும் வட்டியும் அதே அடக்க விலையில் சேர வேண்டும். கட்டடம் பயன்படத் தொடங்காத காலத்தில் கட்டிய வட்டியும் அதை உருவாக்க ஆன செலவுதான் என்பது இதன் பின்னுள்ள நியாயம். அமெரிக்காவில் 1979இல் வந்த ஒரு தரநிலை இதற்கு முறையான வடிவம் கொடுத்தது. உலகின் பல நாடுகளில் சர்வதேசக் கணக்கியல் தரநிலை 23 நடப்பில் உள்ளது. இந்தியாவில் பெரிய நிறுவனங்களுக்கு அதை ஒட்டி எழுதப்பட்ட ‘இண்ட் ஏஎஸ் 23’ பொருந்தும். மற்றவற்றுக்குப் பழைய ‘ஏஎஸ் 16’ உண்டு. இப்படி வட்டியைச் செலவாகக் காட்டாமல் சொத்தின் மதிப்பில் ஏற்றுவதற்கு மூலதனமாக்கல் என்று பெயர்.

விதி எளிது. எவ்வளவு வட்டியை ஏற்றுவது என்ற கேள்விதான் சிக்கலானது. நிறுவனத்திடம் பல கடன்கள் இருக்கும், வட்டி விகிதங்கள் வேறு வேறாக இருக்கும். கட்டடத்துக்கான பணமும் ஒரே நாளில் போவதில்லை. அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, தளம் போட ஒரு தவணை, பூச்சு வேலைக்கு ஒரு தவணை என்று இரண்டு ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் போகும். ஏப்ரலில் கொடுத்த ஒரு கோடி ரூபாய் அந்த நிதியாண்டு முழுவதும் வட்டி சுமக்கும். மார்ச் கடைசி நாளில் கொடுத்த ஒரு கோடி அந்த ஆண்டில் சுமப்பது ஒன்றுமில்லை. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொண்டுவரும் வழிதான் எடையிட்ட சராசரிச் செலவு. ஒவ்வொரு தொகையையும் அது அந்த ஆண்டில் எத்தனை மாதம் கட்டடத்தில் முடங்கிக் கிடந்ததோ அந்தப் பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுவதும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மருத்துவமனை நிறுவனம் தன் சொந்த நிலத்தில் 2023 ஏப்ரல் 1 அன்று புதிய கட்டடம் எழுப்பத் தொடங்குகிறது. 2025 மார்ச் 31 அன்று அது தயாராகிறது. இந்தக் கட்டடத்துக்கென்றே வங்கியிடம் 9 சதவீத வட்டியில் 3 கோடி ரூபாய் கடன் வாங்குகிறது. அதற்கு முன்பே பொதுத் தேவைக்கு வாங்கிய இரண்டு கடன்கள் உண்டு: 12 சதவீதத்தில் 6 கோடி வங்கிக் கடன், 8 சதவீதத்தில் 2 கோடிக் கடன் பத்திரங்கள். இரண்டு ஆண்டுகளும் மூன்று கடன்களின் அசலும் குறையவில்லை என்று கொள்வோம்.

முதல் ஆண்டில் ஏப்ரல் 1 அன்று 3 கோடி, ஆகஸ்ட் 1 அன்று 3 கோடி, டிசம்பர் 1 அன்று 3 கோடி, மார்ச் 31 அன்று 1 கோடி என மொத்தம் 10 கோடி ரூபாய் ஒப்பந்தக்காரருக்குப் போகிறது. ஏப்ரல் தொகை 12 மாதமும் உள்ளே இருந்ததால் 3 கோடியாகவே நிற்கும். ஆகஸ்ட் தொகைக்கு 8 மாதம். பன்னிரண்டில் எட்டுப் பங்கு என்றால் 2 கோடி. டிசம்பர் தொகைக்கு 4 மாதம். அது 1 கோடி. மார்ச் தொகை பூஜ்யம். ஆக, செலவழிந்தது 10 கோடி என்றாலும் எடையிட்ட சராசரிச் செலவு 6 கோடிதான்.

இந்த 6 கோடியில் முதல் 3 கோடி கட்டடத்துக்கென்றே வாங்கிய கடனிலிருந்து வந்தது. அதற்கு உண்மையில் ஆன வட்டியான 27 லட்சம் ரூபாய் நேரடியாகக் கட்டடத்தில் ஏறும். இங்கே கடன் தொகை முழுவதும் முதல் நாளே செலவாகிவிட்டது. அப்படி ஆகாமல் ஒரு பகுதி சில மாதம் வைப்பு நிதியில் கிடந்து வட்டி ஈட்டியிருந்தால், அந்த வரவை 27 லட்சத்திலிருந்து கழித்துவிட வேண்டும்.

மீதி 3 கோடி பொதுக் கடன்களிலிருந்து வந்ததாகக் கருதப்படும். எந்த ரூபாய் எந்தக் கடனிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாததால் சராசரி வட்டி விகிதம் தேவைப்படுகிறது. அவசரத்தில் 12ஐயும் 8ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 10 சதவீதம் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. 12 சதவீதக் கடன் மூன்று மடங்கு பெரியது. சராசரியிலும் அதற்கு அந்த எடை கிடைக்க வேண்டும். ஓர் ஆண்டு வட்டி 72 லட்சமும் 16 லட்சமும் சேர்ந்து 88 லட்சம். அதை மொத்தக் கடன் 8 கோடியால் வகுத்தால் 11 சதவீதம். 3 கோடிக்கு 11 சதவீதம் என்றால் 33 லட்சம். முதல் ஆண்டில் கட்டடத்தில் ஏறும் வட்டி 27ம் 33ம் சேர்ந்து 60 லட்சம் ரூபாய்.

அந்த ஆண்டு மூன்று கடன்களுக்கும் ஆன மொத்த வட்டி 115 லட்சம். கட்டடத்தில் ஏறியது போக மீதி 55 லட்சம் வழக்கம்போல லாப நஷ்டக் கணக்கில் செலவாகும். எடையிடாமல் ஆண்டுக் கடைசியில் நின்ற 10 கோடியை அப்படியே எடுத்துக் கணக்கிட்டிருந்தால் கட்டடத்தில் 104 லட்சம் ஏறியிருக்கும். லாபம் 44 லட்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கும். கையில் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது.

இரண்டாம் ஆண்டில் கணக்கு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. ஆண்டு தொடங்கும்போதே கட்டடத்தின் கணக்கு மதிப்பு 10 கோடியே 60 லட்சம். முந்தைய ஆண்டு ஏற்றிய வட்டியும் அதில் அடக்கம். அதற்கும் இந்த ஆண்டு வட்டி உண்டு. இதைச் சேர்க்க மறந்து வெறும் 10 கோடியில் தொடங்குவது இன்னொரு வழக்கமான பிழை. தொடக்க மதிப்பு 12 மாதமும் நிற்பதால் முழு எடை பெறும். பிறகு ஜூலை 1 அன்று 2 கோடி, டிசம்பர் 1 அன்று 3 கோடி, மார்ச் 31 அன்று கடைசி பில்லுக்கு 1 கோடி கொடுக்கப்படுகிறது. ஜூலைத் தொகை 9 மாதத்துக்கு ஒன்றரைக் கோடி, டிசம்பர் தொகை 4 மாதத்துக்கு 1 கோடி, மார்ச் தொகை பூஜ்யம். எடையிட்ட சராசரி 13 கோடியே 10 லட்சம்.

தனிக் கடனுக்கு 27 லட்சம். மீதி 10 கோடியே 10 லட்சத்துக்கு 11 சதவீதப்படி 111 லட்சத்து 10 ஆயிரம். கூட்டினால் 138 லட்சத்து 10 ஆயிரம் வருகிறது. ஆனால் நிறுவனம் அந்த ஆண்டு கட்ட வேண்டிய வட்டியே மொத்தம் 115 லட்சம்தான். ஆகாத வட்டியைக் கட்டடத்தில் ஏற்ற முடியாது. ஒரு காலத்தில் ஏற்றும் தொகை அந்தக் காலத்தில் உண்மையில் ஆன கடன் செலவைத் தாண்டக் கூடாது என்பது தரநிலையின் உச்சவரம்பு. எனவே 115 லட்சம் மட்டுமே ஏறும். விடுபட்ட 23 லட்சத்து 10 ஆயிரத்தை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது.

வரம்பு ஏன் இடித்தது? பொதுக் கடன் 8 கோடிதான். சராசரிச் செலவின் மீதியோ 10 கோடிக்கு மேல். வித்தியாசம் பங்குதாரர்களின் பணத்திலிருந்து வந்தது. சொந்தப் பணத்துக்கும் ஒரு விலை உண்டு என்று பொருளாதாரம் படித்தவர்கள் வாதிடுவார்கள். அது சரிதான். ஆனாலும் அந்த விலையை இந்தத் தரநிலை கணக்கில் எடுப்பதில்லை. அதனால் முழுக்கச் சொந்தப் பணத்தில் கட்டிய கட்டடமும் கடனில் கட்டிய கட்டடமும் செங்கல் செங்கலாக ஒன்றாகவே இருந்தாலும் ஏட்டில் வெவ்வேறு விலை காட்டும். இந்த முறையின் உண்மையான பலவீனம் இதுதான்.

முடிவில் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த 16 கோடியுடன் 60 லட்சமும் 115 லட்சமும் சேர்ந்து கட்டடம் 17 கோடியே 75 லட்சம் ரூபாய்க்கு ஏட்டில் ஏறுகிறது. ஏற்றிய வட்டி மறைந்துவிடவில்லை. தேய்மானமாக மெல்ல மெல்ல லாப நஷ்டக் கணக்குக்கு வரும். தொழிற்சாலை அல்லாத கான்கிரீட் கட்டடங்களுக்கு இந்தியக் கம்பெனிச் சட்டம் குறிப்பிடும் ஆயுள் 60 ஆண்டு. ஒன்றேமுக்கால் கோடி வட்டியை 60 ஆண்டுகளுக்குப் பரப்பினால் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சத்து 92 ஆயிரம்தான் செலவாகத் தெரியும்.

நடைமுறையில் தகராறு வருவது பெரும்பாலும் பெருக்கல் கூட்டலில் அல்ல, தேதிகளில். எடை தொடங்குவது பில் வந்த நாளில் அல்ல, பணம் போன நாளில். ஒப்பந்தக்காரரின் பில்லில் பிடித்து வைக்கும் பாதுகாப்புத் தொகை கட்டடத்தின் விலையில் சேர்ந்திருந்தாலும், அதைக் கொடுக்கும் வரை நிறுவனத்துக்கு வட்டிச் சுமை இல்லை. ஆகவே சராசரியிலும் அதற்கு இடமில்லை. கட்ட வேண்டும் என்று நிலம் வாங்கிப் போட்டுவிட்டு வரைபட அனுமதிக்குக்கூட விண்ணப்பிக்காமல் சும்மா வைத்திருந்தால் அந்தக் காலத்து வட்டியை ஏற்ற முடியாது.

வேலை நின்றாலும் அப்படித்தான். ஒப்பந்தக்காரருடன் சண்டை வந்து தளம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் அந்த மாதங்களின் வட்டி நேராகச் செலவாகும். ஆனால் அந்தப் பகுதியில் வழக்கமாக வரும் வெள்ளத்தால் பாலம் கட்டும் வேலை சில வாரம் தடைப்பட்டால் ஏற்றுவது தொடரும் என்று தரநிலையே உதாரணம் காட்டுகிறது. எதிர்பார்த்த தாமதம் கட்டுமானத்தின் ஒரு பகுதி; எதிர்பாராத முடக்கம் வீண்.

நிறுத்தும் தேதிதான் மிகவும் வளைக்கப்படுவது. கட்டடம் பயன்பாட்டுக்கு ஏறக்குறைய முழுவதும் தயாரான நாளோடு ஏற்றுவது முடிய வேண்டும். திரைச்சீலை மாட்டவில்லை, திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கவில்லை என்பதெல்லாம் காரணமாகாது. லாபத்தைக் காப்பாற்ற நினைக்கும் நிர்வாகத்துக்கு ‘இன்னும் முடியவில்லை’ என்று சொல்வதில் லாபம் உண்டு. ஒவ்வொரு மாதத் தள்ளலிலும் அந்த மாத வட்டி செலவுப் பக்கத்திலிருந்து சொத்துப் பக்கத்துக்குப் போகும். முதல் நோயாளி எப்போது அனுமதிக்கப்பட்டார், மின் இணைப்பு எப்போது வந்தது என்று தணிக்கையாளர் தேடுவது இதனால்தான்.

மேலே கண்ட நிறுவனத்தின் இரண்டாம் ஆண்டு லாப நஷ்டக் கணக்கில் வட்டிச் செலவு பூஜ்யம் என்றிருக்கும்; கடன்களுக்கோ 115 லட்சம் வட்டி ஆகியிருக்கும். பங்கு வாங்குவோர் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால் கடனற்ற நிறுவனம் என்றே நினைப்பார்கள். எவ்வளவு வட்டி மூலதனமாக்கப்பட்டது, எந்த விகிதத்தில் என்பதைக் குறிப்புகளில் சொல்ல வேண்டும் என்று தரநிலை கட்டாயப்படுத்துகிறது. ரொக்க ஓட்ட அறிக்கையிலும், செலவாகக் காட்டியதோ சொத்தில் ஏற்றியதோ, கொடுத்த மொத்த வட்டி தெரிய வேண்டும். பெரிய கட்டுமானம் நடக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவர்கள் லாபத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு இடங்களையும் பார்த்துவிடுவது நல்லது.