டிஎன்ஏ டெஸ்ட் கேட்டால் கோர்ட் உடனே கொடுக்குமா? குழந்தையின் ஜீவனாம்சம் என்னவாகும்?

கன்னியாகுமரி மாவட்டம் அஞ்சுகிராமத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். ஊரில் மனைவிக்குக் குழந்தை பிறக்கிறது. பிறகு இருவருக்கும் பிரச்னை வந்து, மனைவி தனக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்டு நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போகிறார். "இது என் பிள்ளையே இல்ல, டிஎன்ஏ டெஸ்ட் எடுங்க" என்கிறார் கணவர். கோர்ட் என்ன செய்யும்?

டெஸ்ட்டுக்கு உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் உத்தரவிடாது. காரணம், பாரதிய சாட்சிய அதினியத்தின் 116-வது பிரிவு. 2024 ஜூலைக்கு முன்பு இது சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவாக இருந்தது. திருமண பந்தம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை கணவரின் சட்டப்பூர்வமான குழந்தைதான் என்கிறது இந்தப் பிரிவு. விவாகரத்துக்குப் பிறகு 280 நாட்களுக்குள் பிறந்து, தாய் மறுமணம் செய்யாமல் இருந்தாலும் இதே கதைதான்.

இதை உடைக்க சட்டம் ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறது. கரு உருவாகியிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். 'சேர்ந்து வாழவில்லை' என்பது போதாது, 'வாய்ப்பே இல்லை' என்று காட்ட வேண்டும். ஒரே ஊரில் தனித்தனி வீட்டில் இருந்தோம் என்றால் கோர்ட் எளிதில் ஏற்காது.

பாஸ்போர்ட்தான் முதல் சாட்சி

அதனால் அஞ்சுகிராமம் கணவருக்கு ரத்த மாதிரியைவிட முக்கியமானது பாஸ்போர்ட். குழந்தை பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, கரு உருவான காலத்தை முதலில் கணக்கிட வேண்டும். அந்தக் காலம் முழுக்க அவர் வெளிநாட்டில் இருந்தார் என்று குடியேற்ற முத்திரைகள் காட்டினால் வாதம் வலுவாகும். நடுவில் பத்து நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தார் என்றால், அந்தப் பத்து நாளே அவர் வாதத்தைத் தட்டிவிடலாம். மனைவிக்கு வேறொருவருடன் தொடர்பு இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், கணவருக்கும் வாய்ப்பு இருந்தது என்றால் சட்டம் கணவரைத்தான் அப்பாவாகப் பார்க்கும்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில், கொச்சி வழக்கு ஒன்றில் இதுதான் நடந்தது. விவாகரத்தான ஒரு பெண், 2001-ல் பிறந்த தன் மகனுக்கு அப்பா முன்னாள் கணவர் அல்ல, வேறொருவர் என்றார். பிறப்புப் பதிவில் அப்பா பெயரை மாற்ற மாநகராட்சியை அணுகினார். கோர்ட் உத்தரவு வேண்டும் என்றது மாநகராட்சி. சிவில் வழக்கில் தோற்ற பிறகு, அந்த 'வேறொருவரிடம்' ஜீவனாம்சம் கேட்கும் வழக்கு மறுபடி உயிர்பெற்றது. கேரள உயர் நீதிமன்றமும் அதை அனுமதித்தது.

2025 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சூர்ய காந்த், உஜ்ஜல் புயான் அமர்வு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. மகன் பிறந்தபோது தாயும் கணவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், எனவே சட்டப்படி கணவரே அப்பா என்றது. சம்மதிக்காத ஒருவரை டெஸ்ட்டுக்கு இழுப்பது அவருடைய அந்தரங்க உரிமையையும் மானத்தையும் பாதிக்கும் என்பதையும் கணக்கில் எடுத்தது. மகனுக்கு அப்போது 23 வயது. பிறப்புக் கேள்வி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கோர்ட் கோர்ட்டாக அலைந்திருக்கிறது.

ரிசல்ட் 'இல்லை' என்று வந்துவிட்டால்?

இங்கேதான் சிக்கல். ஒரு தம்பதி வழக்கில் கோர்ட் உத்தரவுப்படி டெஸ்ட் நடந்தது. கணவர் உயிரியல் தந்தை இல்லை என்று வந்தது. மனைவி தரப்பு ஆட்சேபிக்க, மறுபடியும் டெஸ்ட் எடுத்தார்கள். அதே ரிசல்ட். 112-வது பிரிவு வெறும் அனுமானம், அறிவியல் உண்மை கையில் இருக்கும்போது அனுமானம் நிற்காது என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் குழந்தைக்கான ஜீவனாம்ச உத்தரவு ரத்தானது. ஆனால் ஏற்கெனவே கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றும் சொன்னது.

டெஸ்ட்டுக்கு உத்தரவிடும் கட்டத்திலேயே கோர்ட்டுகள் இவ்வளவு தயங்குவது இதனால்தான். ரிசல்ட் வந்த பிறகு அதைப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. தவறு யாருடையதாக இருந்தாலும் பெயரையும் பணத்தையும் இழப்பது குழந்தைதான்.

திருமணமே ஆகாத தாய் என்றால் கணக்கு வேறு. அங்கே 116-வது பிரிவின் பாதுகாப்பு இல்லை. ஆனால் ஜீவனாம்சத்துக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் உரிமை தருகிறது. அப்பா யார் என்பதே அங்கு முக்கியக் கேள்வி, அதனால் டெஸ்ட் கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கும். கோர்ட் சொல்லியும் அந்த ஆண் மாதிரி கொடுக்க மறுத்தால், அந்த மறுப்பையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள கோர்ட்டுக்கு இடமுண்டு.