தண்ணீரைக் கொட்டியும் போகாத கொசு

டெங்கு மஸ்தூர் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்ததும் குடம், தொட்டியோடு நிற்பதில்லை. ஃபிரிட்ஜின் பின்பக்கம் டார்ச் அடிக்கிறார்கள், பால்கனியில் ஒதுக்கி வைத்த கூலரைத் திறக்கச் சொல்கிறார்கள். “அதைப் போன வாரம்தான் காலி செய்தோம்” என்பார்கள் வீட்டுக்காரர்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அதில் புழு நெளியும்.

இதற்குக் காரணம் முட்டை. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத கறுப்பு முட்டைகள், மிளகுத்தூள் தூவியது போல இருக்கும். பார்ப்பவர்கள் அழுக்கு என்றே நினைப்பார்கள். தண்ணீரைக் கொட்டினாலும் அவை சுவரிலேயே இருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். நம் ஊர் வெக்கையில், பொரிந்த புழு கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும்.

கூலரில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஓடிய கூலரை, வெயில் தணிந்ததும் அடைப்பானைத் திறந்து வடித்துவிட்டுப் பரணில் ஏற்றுகிறார்கள். தொட்டியின் ஓரங்களில் முட்டைகள் காய்ந்து கிடக்கின்றன. அடுத்த மார்ச்சில் இறக்கி, தூசியை மட்டும் தட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உயிர் தப்பிய முட்டைகள் அன்றே பொரியத் தொடங்கும். பரணில் ஏற்றாமல் பால்கனியில் விட்டால் இன்னும் மோசம். அக்டோபர் மழை உள்ளே இறங்கி, நமக்குத் தெரியாமலேயே தொட்டியை நிரப்பிவிடும். டெங்கு கூடும் பருவமும் அதுதான்.

கூலரின் தண்ணீரை வாரம் ஒருமுறை முழுதாக வடிக்க வேண்டும். அடைப்பானைத் திறந்தாலும் அடியில் ஒரு விரல் ஆழம் நிற்கும், அதனால் கூலரைச் சாய்த்துத்தான் கொட்ட வேண்டும். முக்கியமான வேலை அதற்குப் பிறகு இருக்கிறது. நார் பிரஷ்ஷால் தொட்டியின் நான்கு சுவர்களையும், மூலைகளையும், பம்ப் உட்காரும் இடத்தையும் சோப்புத்தூள் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். நீர்க்கோடு படிந்த இடத்தை இரண்டு முறை தேய்க்கலாம். இதையெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் வைத்திருக்கும் மரச்சீவல் தடுப்புகளிலும் முட்டை ஒட்டும். சீசன் முடிந்ததும் அவற்றை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, தொட்டியை நன்றாகக் காயவைத்து, மழை இறங்காதபடி மூடி வைப்பதே சரி. கூலர் அதிகம் ஓடும் டெல்லியில் 2019 செப்டம்பரில் அரசு ஓர் இயக்கத்தையே தொடங்கியது. பத்து வாரங்கள், ஞாயிறு காலை 10 மணிக்கு 10 நிமிடம் ஒவ்வொருவரும் தம் வீட்டில் தேங்கிய நீரைத் தேட வேண்டும் என்பதுதான் அது.

மணி பிளான்ட் போட்ட கண்ணாடி பாட்டிலில் வேறொரு சிக்கல். பலர் தண்ணீரை மாற்றுகிறார்கள், வேரைக் கழுவுவதில்லை. முட்டைகள் பாட்டிலின் உட்புறத்தில் மட்டுமல்ல, தண்டிலும் வேரிலும் ஒட்டியிருக்கும். வாரம் இருமுறை செடியை வெளியே எடுத்துக் குழாயடியில் வேரை அலசி, பாட்டிலின் உட்சுவரைத் தேய்க்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் செடியை மண்ணுக்கு மாற்றிவிடுவதே நல்லது. பூச்சாடிக்கும் இதே முறைதான். கொட்டும் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டினால் புழு அங்கேயே செத்துவிடும்.

பெரும்பாலானோர் பார்த்தே இராத இடம் ஃபிரிட்ஜின் தட்டு. உள்ளே உருகும் பனி ஒரு குழாய் வழியாக இறங்கி, பின்பக்கம் கம்ப்ரஸர் மேலிருக்கும் சிறு தட்டில் விழுகிறது. கம்ப்ரஸரின் சூட்டில் அது ஆவியாகிவிட வேண்டும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்து, கதவையும் அடிக்கடி திறந்தால், ஆவியாவதைவிடச் சேரும் தண்ணீர் அதிகமாகிவிடும். இருட்டு, வெதுவெதுப்பு, யாரும் கைவைக்காத தண்ணீர் மூன்றும் இங்கே சேர்ந்து கிடைக்கின்றன.

பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரஸர் ஆறியபின் ஃபிரிட்ஜை முன்னே இழுத்துப் பாருங்கள். கழற்ற முடிந்த தட்டென்றால் கழற்றித் தேய்க்கலாம். கழற்ற முடியாததென்றால் பஞ்சாலோ துணியாலோ தண்ணீரை ஒற்றியெடுத்து, ஓரங்களைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம், மின்சாரத்துக்குப் பக்கத்தில் அது ஆபத்து.

புழு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து இரண்டு நிமிடம் அசைக்காமல் வையுங்கள். புழு மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டும். தலைகீழாகத் தொங்கும், நிழல் பட்டால் நெளிந்து கீழே இறங்கும். ஒன்று தெரிந்தால் மற்ற பாத்திரங்களையும் அன்றே தேடுங்கள். ஏடிஸ் கொசு தன் முட்டைகளைப் பல பாத்திரங்களில் பிரித்தே இடும்.