வேர்ட்பிரஸ் இலவசம், பராமரிப்பு யார் பொறுப்பு?

சின்னக் கடைக்கோ பள்ளிக்கோ இணையதளம் வேண்டும் என்று கேட்டால், அமைத்துத் தருபவர் பெரும்பாலும் வேர்ட்பிரஸைத்தான் எடுப்பார். உலக இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. இது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஜி.பி.எல். என்ற உரிமம் அதற்கு இடம் தருகிறது.

இந்த உரிமை எவ்வளவு பெரியது என்பதற்கு வேர்ட்பிரஸ் பிறந்த கதையே சாட்சி. அதற்கு முன் பி2 என்றொரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதிவந்தவர் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். நிரல் பூட்டிவைக்கப்பட்டிருந்தால், பயன்படுத்தியவர்கள் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். பி2வும் ஜி.பி.எல். உரிமத்தில் இருந்ததால், மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அந்த நிரலையே எடுத்து வளர்த்து, 2003 மே மாதம் வேர்ட்பிரஸாக வெளியிட்டார்கள்.

அதே உரிமம் 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்றும் சொல்கிறது. தளம் முடங்கினால் சரிசெய்யக் கடமைப்பட்டவர் எவரும் இல்லை. தன்னார்வலர்கள் பதில் சொல்வார்கள். ஆனால் உங்கள் அவசரத்துக்குச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. செலவும் இங்கேதான் இருக்கிறது. மென்பொருளுக்குப் பணம் கிடையாது. டொமைன் பெயருக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பராமரிப்பவரின் உழைப்புக்கும் கூலி உண்டு. தளத்தைக் கட்டும்போது பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கடைசிச் செலவைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மறந்தால் என்ன ஆகும் என்பதை 2017 காட்டியது. கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் ஒருவர் பதிவுகளைத் திருத்திவிடக்கூடிய ஓட்டை வேர்ட்பிரஸில் கண்டுபிடிக்கப்பட்டது. ஜனவரி 26இல் 4.7.2 என்ற பதிப்பு அதை அடைத்தது. பெரும்பாலான தளங்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ள அவகாசம் தந்து, ஓட்டையைப் பற்றிய விவரத்தைப் பிப்ரவரி 1இல்தான் வெளியிட்டார்கள். அடுத்த சில நாட்களில், தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவைத்திருந்த தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன.

திறந்த நிரலின் பலமும் ஆபத்தும் இதில் ஒன்றாகவே தெரிகின்றன. பலர் பார்ப்பதால் ஓட்டை விரைவில் அகப்படுகிறது. ஆனால் திருத்தம் வெளியானதும், பழைய நிரலையும் புதியதையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று திருடனும் கண்டுகொள்ளலாம். அதனால் புதுப்பிக்காத தளத்துக்கு, திருத்தம் வந்த நாளிலிருந்துதான் ஆபத்து கூடுகிறது.

வேர்ட்பிரஸை விட, அதனுடன் சேர்க்கும் பிளகின்களே அதிகம் கவனிக்க வேண்டியவை. ஒரு பிளகினைச் சேர்க்குமுன், அதன் பக்கத்தில் Last updated என்ற வரியைப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தொடப்படாமல் கிடந்தால் வேண்டாம். காசுக்கு விற்கும் பிளகினை இலவசமாகத் தருகிறோம் என்று வேறு தளங்கள் கொடுக்கும் பிரதியையும் தொடாதீர்கள். அதில் பின்வாசல் நிரல் ஒளிந்திருப்பது சகஜம்.

தளம் அமைப்பவரிடம் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: புதுப்பிப்பது யார், காப்புப் பிரதி எங்கே இருக்கும், ஆண்டுக்கு அதற்கு எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.