போனில் சொன்ன வேலை கைக்கு வரும்வரை

"நீங்க செலக்ட் ஆகிட்டீங்க. வருஷத்துக்கு 12 லட்சம்" என்று மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். அன்று மாலையே அதை உறுதிசெய்து அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. பதவி, சம்பளம், சேரும் தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. சென்னையில் தனியார் நிறுவனங்களில் வேலை மாறுகிற பலர் அந்த மெயிலை நம்பியே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். அது அவசரம்.

மெயிலின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். 'சான்றிதழ் சரிபார்ப்புக்கும் நிர்வாக ஒப்புதலுக்கும் உட்பட்டு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். தேர்ந்தெடுத்தவர் மேனேஜர், ஆனால் சம்பளத்துக்கு ஒப்புதல் வாங்கி ஆஃபர் லெட்டர் கொடுக்க வேண்டியது மனிதவளத் துறை. அந்த ஒப்புதல் நின்றுபோனால் மெயிலும் அதோடு நின்றுவிடும்.

அடுத்து என்ன நடக்கும் என்பதையும் அதே மெயில் வரிசையாகச் சொல்லும். முதலில் சம்பளச் சீட்டு, படிப்புச் சான்றிதழ், பான் எண் கேட்பார்கள். பிறகு சம்பளப் பிரிப்புப் பட்டியலோடு ஆஃபர் லெட்டர் வரும். குறிப்பிட்ட தேதிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். முன்பு வேலை பார்த்த இடங்களை விசாரிக்கும் சரிபார்ப்பு சில நிறுவனங்களில் இதற்கு முன்பும், சிலவற்றில் பின்பும் நடக்கும். பணி நியமனக் கடிதம் பெரும்பாலும் சேரும் நாளில்தான் கிடைக்கும்.

சம்பளப் பட்டியலை மட்டும் நிதானமாகப் பாருங்கள். 12 லட்சம் என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதில் 1,20,000 ரூபாய் வேலைத்திறனைப் பொறுத்த தொகை என்று வையுங்கள். அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்றால், அது முழுவதற்கும் நிறுவனம் கட்டும் 12 சதவீத பி.எஃப். 72,000, கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், அதாவது 28,860. இவை போனால் மாதத்துக்கு 81,595. உங்கள் பங்கு பி.எஃப். 6,000 பிடித்தால் 75,595. வருமான வரி தனி. மாதம் லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டவருக்கு இது பெரிய வித்தியாசம். பேரம் பேசுவதென்றால் கையெழுத்துக்கு முன்பே பேச வேண்டும்.

ஆகவே மெயிலுக்கு உடனே நன்றி சொல்லிப் பதில் போடுங்கள். அதிலேயே மூன்றைக் கேளுங்கள்: ஆஃபர் லெட்டர் எந்தத் தேதியில் வரும்? மொத்தத்தில் நிலையான சம்பளம் எவ்வளவு? சரிபார்ப்பு எப்போது முடியும்? "எனக்கு 60 நாள் நோட்டீஸ் பீரியட், ஆஃபர் லெட்டரில் கையெழுத்தான பிறகுதான் ராஜினாமா கொடுப்பேன், அந்த நாளிலிருந்து சேரும் தேதியைக் கணக்கிடுங்கள்" என்றும் எழுதிவிடுங்கள். இதற்கு எந்த நல்ல மேனேஜரும் கோபப்பட மாட்டார். தேதி சொல்லாமல் "முதலில் ராஜினாமா கொடுங்க, லெட்டர் பிறகு வரும்" என்று நெருக்கினால், ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லையோ என்று சந்தேகப்படுவதே சரி. அதுவரை இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.