பழைய பதிலை நம்பும் டெஸ்ட்

இன்றைய செயலிகள் பல, வேறொரு நிறுவனத்தின் சேவையைக் கேட்டுத்தான் வேலை செய்கின்றன. அந்தக் கேள்வி பதிலுக்கான வழிதான் ஏபிஐ. நம் நிரலைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேவையைக் கூப்பிட்டால் சோதனை மெதுவாகும். அந்தப் பக்கம் கோளாறு என்றால் நம் டெஸ்டும் தோற்கும். அதனால் ஒருமுறை வந்த உண்மையான பதிலைக் கோப்பில் பதிந்து வைத்து, அடுத்த முறை அதையே தருகிறார்கள்.

ரூபி மொழிக்கு 2010இல் வந்த விசிஆர் என்ற கருவி இந்த முறையைப் பரப்பியது. பதிந்த கோப்புக்கு அதில் கேசட் என்றே பெயர். பைத்தானில் அதே வேலையை விசிஆர்பை செய்கிறது:

```python
@vcr.use_cassette("tweet.yaml",
    record_mode="none",
    filter_headers=["authorization"])
def test_tweet_link():
    ...
```

பதியும்போது மட்டும் `once` என்று வைக்க வேண்டும். பிறகு `none` என்று மாற்றிவிட்டால், கேசட்டில் இல்லாத கேள்வி வரும்போது டெஸ்ட் இணையத்துக்குப் போகாமல் பிழை காட்டி நிற்கும். `filter_headers` வரி ரகசியச் சாவி கோப்பில் பதியாமல் தடுக்கிறது.

சிக்கல் பிறகுதான் தொடங்குகிறது. சேவை மாறும், கேசட் மாறாது. 2010இல் ட்விட்டர், பதிவுகளுக்கு எண் தரும் முறையை மாற்றி ஸ்னோஃப்ளேக் முறைக்கு வந்தது. எண்கள் விரைவிலேயே 53 பிட் எல்லையைத் தாண்டும் அளவுக்குப் பெரிதாயின. ஜாவாஸ்கிரிப்ட் அந்த எல்லைவரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். 9007199254740993 என்று வந்தால் 9007199254740992 என்று படிக்கும். அதன்படி அமைத்த இணைப்பு வேறொரு பதிவுக்குப் போகும், அல்லது எங்கும் போகாது. இதைத் தவிர்க்க, ட்விட்டர் அதே எண்ணை எழுத்துச்சரமாக `id_str` என்ற புலத்திலும் தந்தது. ஆனால் அந்த மாற்றத்துக்கு முன் பதிந்த கேசட்டில் இருப்பதோ சிறிய எண். அதை வைத்து ஓடும் டெஸ்ட் கடைசிவரை பச்சையாகவே இருக்கும்.

ஆகவே இரண்டு ஓட்டங்கள் தேவை. நிரல் மாறும்போதெல்லாம் கேசட்டோடு ஓர் ஓட்டம். தினமும் இரவில், கேசட்டை அழித்துவிட்டு உண்மையான சேவையிடமே புதிதாகப் பதியும் இன்னோர் ஓட்டம். பழைய, புதிய கேசட்டுகளை ஒப்பிடும்போது தேதி, நேரம் போன்றவை எப்போதும் வேறுபடும். அவற்றை விட்டுவிட்டு புலங்களின் பெயரையும் வகையையும் பார்க்க வேண்டும்.

அது மட்டும் போதாது. மேலே சொன்ன மாற்றத்தில் பெயரும் மாறவில்லை, வகையும் மாறவில்லை, அளவுதான் மாறியது. எனவே புதிய கேசட்டின் மேல் டெஸ்டுகளையும் ஓட்ட வேண்டும். அந்த டெஸ்ட், பழைய எண் ஒன்றை எழுதிவைத்து ஒப்பிடக் கூடாது. இணைப்பில் உள்ள எண்ணும் அதே பதிலில் வந்த `id_str`உம் ஒன்றா என்று கேட்க வேண்டும். அப்போதுதான் பதில் எத்தனை முறை மாறினாலும் கேள்வி செல்லுபடியாகும்.

இரவு ஓட்டம் தோற்றால் புதிய கேசட்டை அப்படியே ஏற்றுவிடாதீர்கள். என்ன மாறியது என்று ஒருவர் படித்துப் பார்த்து, நிரலைத் திருத்திய பிறகே அதைச் சேர்க்க வேண்டும்.